ஆரஞ்சுப் பழமும் ஆத்து வேகமும்

மேல்வீட்டு அக்காவோட பொண்ணு இங்கே ஃப்ரைபுர்க்ல ஒன்பதாம் வகுப்பு படிக்குது. ஊருக்குள்ள ஓடற ட்ரைசாம் ஆத்துல மேல்தண்ணி என்ன வேகத்துல போகுதுன்னு வீடியோ எடுத்துக் கண்டுபிடிக்கணுமாம், பள்ளிக்கூட ப்ராஜெக்ட். நடைபாலத்துக் கைப்பிடியில செல்போனை அசையாம கட்டி, நேரா கீழே பார்க்க வச்சு, ஆரஞ்சுப் பழத்தை மிதக்க விட்டிருக்கா.

ஏன் ஆரஞ்சுன்னு கேக்கறீங்களா? அது பெரும்பகுதி தண்ணிக்குள்ள அமுங்கி மிதக்கும். காத்து அதைத் தள்ள முடியாது, தண்ணிதான் இழுத்துட்டுப் போகும். காலி பிளாஸ்டிக் பாட்டில் போட்டா காத்தோட வேகமும் சேர்ந்து வந்துடும். நிறமும் பளிச்சுன்னு தெரியும்.

ட்ராக்கர்னு ஒரு இலவச மென்பொருள். வீடியோவில் படம் படமா நகர்த்தி, பழத்து மேல புள்ளி வச்சுக்கிட்டே போகணும். நொடிக்கு 30 படம். 60 படத்துல பழம் 402வது பிக்சலிலிருந்து 718வது பிக்சலுக்குப் போயிருந்தது. 2 நொடியில 316, அதாவது நொடிக்கு 158 பிக்சல்.

இதை மீட்டராக்கற இடத்துலதான் வினையே. கரைச்சுவர் மேல ஒரு மீட்டர் நீளப் பலகையை வச்சிருந்தா. அது படத்துல 300 பிக்சல். 158ஐ 300ஆல வகுத்தா நொடிக்கு 0.53 மீட்டர். ஆனா கரையில 10 மீட்டர் அளந்து, ஸ்டாப்வாட்ச்ல மூணு தடவை பார்த்தப்போ சராசரி 12.7 நொடி, அதாவது 0.79 மீட்டர். "வீடியோவைத் தூக்கிப் போட்டுட்டு வாட்ச் கணக்கையே எழுதிடவா அண்ணா?"ன்னு கேட்டா. நாளைக்குக் கொடுக்கணுமே!

வேண்டாம்மா, வித்தியாசம் எங்கேருந்து வருதுன்னு பார்ப்போம்னேன். நூல்ல கல்லைக் கட்டி இறக்கினோம். கேமராவிலிருந்து தண்ணி 4.5 மீட்டர், சுவரோட மேல்பக்கம் 3 மீட்டர். கிட்ட இருக்கற பொருள் பெருசாத் தெரியும் இல்லையா? சுவர்ல 300 பிக்சலா தெரியற பலகை, தண்ணி மட்டத்துல 300 × 3 / 4.5 = 200 பிக்சல்தான் இருக்கும். 158ஐ 200ஆல வகுங்க: 0.79. வாட்ச் சொன்னதேதான்! :-)

சந்தேகமில்லாம இருக்க, அதே பலகையைத் தண்ணியில மிதக்க விட்டு ஒரு வீடியோ எடுத்தோம். 200க்கு ரெண்டு மூணு பிக்சல் முன்னே பின்னே வந்தது. ஆக, அளவுகோல் பழம் ஓடற மட்டத்துலயே இருக்கணும். கேமராவைச் சாய்ச்சுப் பிடிச்சா இந்தக் கணக்கும் உதவாது. அப்போ கிட்டே ஒரு அளவு, தூரத்துல ஒரு அளவுன்னு படத்துக்குள்ளேயே மாறிக்கிட்டே போகும்.

கடைசியா ஒண்ணு. இந்த 0.79 மேல்தண்ணி வேகம் மட்டும்தான். அடியில கல்லும் மண்ணும் உரசறதால தண்ணி மெதுவாப் போகும். ஆழம் முழுசுக்கும் சராசரி வேணும்னா வழக்கமா 0.85ஆல பெருக்குவாங்க, சுமார் 0.67 வரும். எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு கணக்குப் போடறவங்க இதை விட்டுட்டா, இல்லாத தண்ணியையும் சேர்த்து எழுதிடுவாங்க.

அவ ரெண்டு கணக்கையும் பக்கத்துல பக்கத்துல போட்டு, 0.53 ஏன் தப்புன்னும் எழுதிக் கொடுத்துட்டா.