சாய்கோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா

கிள்ளான், மலேசியா

நம் தொப்பூரில் 'மு. லட்சுமணன்' என்று எழுதினால் போதும். அந்த 'மு' யார் என்பது கணவாய் மேட்டு டீக்கடை வரைக்கும் தெரியும். பத்திரம் எழுதுபவர் மட்டும் ஒரு படி மேலே போய், 'முனியப்பன் குமாரர் லட்சுமணன்' என்று அப்பாவை முழுசாக இழுத்துக்கொண்டு வருவார். பத்திரம் எழுதுபவர் செய்கிற அந்த வேலையை இங்கே அரசாங்கமே பிறந்தவுடன் செய்து முடித்துவிடுகிறது. ஒருவருடைய அடையாள அட்டையில் இப்படி இருக்கும்:

```
RAVI A/L LETCHUMANAN
```

A/L என்பது 'அனாக் லெலாகி', மலாயில் மகன். மகளுக்கு A/P, 'அனாக் பெரம்புவான்'. சிங்கப்பூரில் இன்னும் வெள்ளைக்காரன் காலத்து S/O, D/O தான். மலேசியாவிலும் பழைய பிறப்புச் சான்றுகளில் S/O பார்க்கலாம். தாத்தா S/O, பேரன் A/L என்று ஒரே வீட்டில் இரண்டும் கிடக்கும். தமிழர்களுக்கு மட்டும் உரிய அடையாளம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கெடா பக்கம் இருக்கும் சயாமியரும் A/L போடுகிறார்கள். தமிழ் முஸ்லிம்களுக்குப் பெரும்பாலும் 'பின்', 'பிந்தி'.

நம் ஊரில் அப்பா பெயர் ஆவணத்தில் தனிக் கட்டத்தில் இருக்கும். இங்கே அவர் மகனின் பெயருக்குள்ளேயே குடியிருக்கிறார். பரீட்சைச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, வீட்டுக் கடன் எல்லாவற்றிலும் அவரும் கூடவே வருவார். பெண்ணுக்குக் கல்யாணமானாலும் A/P-க்குப் பின்னால் இருப்பது அப்பாதான், கணவர் அல்ல. ரேஷன் கார்டில் இனிஷியல் மாற்ற அலையும் நம் ஊர் மருமகள்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

சிக்கல் விமான நிலையத்தில் வரும். டிக்கெட் பதிவு செய்யும் பழைய கணினி முறைகளில் அந்தச் சாய்கோட்டுக்கு வேறு வேலை இருக்கிறது. குடும்பப் பெயர் எங்கே முடிந்து சொந்தப் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அதுதான் எல்லைக்கல்:

```
LETCHUMANAN/RAVI MR
```

அந்த இடத்தில் ஒருவர் RAVI A/L LETCHUMANAN என்று அப்படியே தட்டினால், 'RAVI A' குடும்பப் பெயர், 'L LETCHUMANAN' சொந்தப் பெயர் என்றாகிவிடும். அதனால்தான் பல விமான நிறுவனப் பக்கங்கள் சாய்கோட்டை ஏற்பதே இல்லை. சிலர் AL என்று சேர்த்து எழுதுகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஆள் விசாவில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் இன்னொரு மாதிரி எழுதினால் கவுன்டரில் கேள்வி வரும். பாஸ்போர்ட்டின் கீழே, இயந்திரம் படிக்க 44 எழுத்து நீளத்தில் இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா? ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், < குறி தவிர வேறெதற்கும் அங்கே இடமில்லை. சாய்கோடு அதில் ஏறவே ஏறாது. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் அந்த வரியைப் பார்த்து ஒரே மாதிரி எழுதினால் தொல்லை குறையும்.

குடும்பப் பெயர் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுவிட்டு ஏறினால், விமானப் பணிப்பெண் "மிஸ்டர் லெட்சுமணன், சாப்பாடு சைவமா?" என்று கேட்பார். காலமான அப்பாவுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதுதான்.

இவ்வளவு தொல்லை தரும் அந்தக் கோடு, இந்தியாவின் ஓசிஐ அட்டை வாங்கப் போகும்போது மட்டும் கைகொடுக்கிறது. இந்தியக் குடிமகனாக இருந்தவரின் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒவ்வொரு தலைமுறையையும் காகிதத்தில் காட்ட வேண்டும். ரவியின் பிறப்புச் சான்று அப்பா லட்சுமணனைக் காட்டுகிறது. லட்சுமணனின் சான்றில் LETCHUMANAN S/O MUNIAPPAN என்று இருக்கிறது. ஒரு காகிதம் ஒரு படி. மலாயாவுக்குள் இருக்கும் வரை சங்கிலி அறுவதில்லை.

கடலைத் தாண்டியதும்தான் இழுபறி. முனியப்பன் தொப்பூரில் பிறந்தவர் என்று காட்டக் கிடைக்கும் பள்ளிச் சான்றில் 'கோ. முனியப்பன்' என்று மட்டும் இருக்கலாம். அந்த 'கோ' கோவிந்தனா கோபாலா என்று அதில் தெரியாது. ஆங்கிலத்தில் இங்கே MUNIAPPAN, அங்கே MUNIYAPPAN. இங்கே LETCHUMANAN என்று தோட்டக் கிராணி எழுதியது, அங்கே LAKSHMANAN. எழுத்து மாறினால் இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணம் எழுதித் தரச் சொல்வார்கள். அது போதும் என்று ஏற்பதும் அதிகாரியின் கையில்.

அதனால் தொப்பூர்ப் பக்கம் இருந்து மலேசியாவுக்குப் போன பங்காளிகள் வம்சாவளி தேடி எழுதினால், பள்ளிச் சான்றை மட்டும் படம் பிடித்து அனுப்பாதீர்கள். பரண் மேல் இருக்கும் பழைய கிரையப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். 'கோவிந்தன் குமாரர் முனியப்பன்' என்ற ஒரு வரி அதில் இருந்தால், இங்கே அவர்களுக்கு அதைவிடப் பெரிய சீர்வரிசை கிடையாது.