வாரத்துக்கு நாலு கேப்ஸ்யூல்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகம் மக்களே, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. இன்னிக்கு மொக்கை கிடையாது. எங்க வீட்டுப் பின்போர்ஷன்ல குடியிருக்கிற பாப்பாவோட ரத்தக் கணக்கைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

எங்க ஊரு அரியலூர். சுண்ணாம்புக்கல்லும் சிமெண்ட் ஆலையும்தான் ஊருக்குச் சோறு. ஆலை வேலைக்கு வந்தவங்கள்ல பாப்பாவோட அப்பாவும் ஒருத்தர். மேற்கு ஒடிசாவுல பலாங்கீர் பக்கம். பாப்பாவுக்கு அரிவாள் செல் நோய். தமிழ்நாட்டுல இந்த நோய்னா நீலகிரி மலைவாழ் மக்கள் ஞாபகம்தான் வரும். இந்தியாவுல முதல்ல இதை 1952-ல கண்டுபிடிச்சதே அங்கதான். ஆனா மேற்கு ஒடிசாவுலயும் இது நிறைய. ரெண்டு பெற்றோரும் ஆளுக்கு ஒரு மரபணு கொடுக்க, குழந்தைக்கு நோய். அரியலூர்ல சிமெண்ட் மூட்டையோட சேர்ந்து இதுவும் வந்து இறங்கிடுச்சு.

சிவப்பணு ஆக்சிஜனை விட்டதும் உள்ள இருக்கிற ஹீமோகுளோபின் நீள நீளமாக் கோர்த்துக்கிட்டு, அணு அரிவாள் மாதிரி வளைஞ்சு, சின்ன ரத்தக் குழாய்ல சிக்கிக்கும். அப்ப வர்ற எலும்பு வலி இருக்கே... ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தக் குழந்தை கத்தினதை நான் சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக் கேட்டிருக்கேன்.

2023 ஜூன்ல பெரம்பலூர்ல ஒரு குழந்தைகள் டாக்டர் ஹைட்ராக்ஸியூரியா ஆரம்பிச்சார். கரு வயித்துல இருக்கும்போது நம்ம உடம்புல ஓடுற ஹீமோகுளோபின் வேற வகை. அது இந்தக் கோர்வையில சேராது. அதனாலதான் நோய் இருந்தாலும் கைக்குழந்தைக்கு முதல் சில மாசம் தொந்தரவு தெரியாது. இந்த மருந்து அந்தப் பழைய வகையைத் திரும்ப உற்பத்தி பண்ண வைக்குது. கூடவே எலும்பு மஜ்ஜையையும் கொஞ்சம் அடக்கி வைக்குது. நல்லதும் கெட்டதும் ஒரே குழாய்ல வர்ற கதை.

சரி, மேட்டருக்கு வருவோம். பாப்பாவுக்கு ஆறு வயசு, 15 கிலோ. கிலோவுக்கு 20 மில்லிகிராம்னா நாளைக்கு 300. (நம்ம நாட்டுல 10-லயே ஆரம்பிக்கிறவங்களும் உண்டு. 2012-ல வெளியான நாக்பூர் ஆய்வுல அந்தக் குறைஞ்ச அளவே குழந்தைங்களோட வலியைக் குறைச்சுது.) ஆனா கையில இருக்கிறது 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல். டாக்டர் வாரக் கணக்கா மாத்திட்டார். வாரத்துக்கு 2100 வேணும். நாலு கேப்ஸ்யூல் 2000. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு ஒண்ணொண்ணு. சராசரி கிலோவுக்கு 19.

பாப்பாவோட அம்மா முதல்ல கேப்ஸ்யூலைப் பிரிச்சு வாழைப்பழத்துல கலந்து கொடுத்துட்டு இருந்தாங்க. டாக்டர் பதறிட்டார். அது புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து, அந்தத் தூள் கையில படக்கூடாது, கர்ப்பிணிகள் தொடவே கூடாது. அப்புறம் எங்கம்மா தினம் ஜீரக மிட்டாயைத் தண்ணியோட முழுங்கப் பழக்கினாங்க. பத்து நாள்ல பாப்பா கேப்ஸ்யூலுக்கு வந்துட்டா :)

என் பங்கு ஒரு எக்ஸெல் ஷீட். மஜ்ஜையை மருந்து எவ்வளவு அடக்குதுன்னு காட்டுறது நியூட்ரோஃபில் எண்ணிக்கை. லேப் சீட்டுல மொத்த வெள்ளையணுவும் நியூட்ரோஃபில் சதவீதமும் இருக்கும். B-ல மொத்தம், C-ல சதவீதம் போட்டா:

```
=B2*C2/100
```

ஆரம்பத்துல 14,600-ல 58 சதவீதம், அதாவது 8,468. மூணு மாசத்துல 5,390. டாக்டர் தேடினது 2,000-லருந்து 4,000 வரை. அதுக்கு மேலே இருந்தா மருந்தை இன்னும் ஏத்த இடம் இருக்குன்னு அர்த்தம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 5 வீதம் கூட்டலாம், ஆனா 35-ஐத் தாண்டக்கூடாது. அளவை மாத்துற காலத்துல நாலு வாரத்துக்கு ஒரு ரத்தப் பரிசோதனை.

ஆனா இதுக்குள்ள வலி நின்னுடுச்சு. பாப்பா ஸ்கூலுக்கு ஓடினா. வலி இல்லைன்னா பெரம்பலூர் பஸ் ஏறுறது எதுக்கு? பழைய சீட்டைக் காட்டி நாலு கேப்ஸ்யூல் வீதம் வாங்கிக் கொடுத்துட்டாங்க. ஒரு வருஷம் ஓடிப்போச்சு. என் ஷீட்டுலயும் அந்த வரிசை காலி. நானும் கேக்கலை.

2024-ல வலி திரும்ப வந்தது. ஹீமோகுளோபின் குறைஞ்சிருந்தது, நியூட்ரோஃபில் 6,160-க்கு ஏறியிருந்தது. மருந்து வேலை செஞ்சா சிவப்பணு பெருசாகும், ஆனா அதுவும் சுருங்கியிருந்தது. டாக்டர் முதல்ல கேட்டது, "மாத்திரை தவறுதா?" அம்மா காலி அட்டைகளை எல்லாம் பையில இருந்து எடுத்துக் கொட்டினாங்க. எண்ணினார். ஒண்ணும் தவறலை. அப்புறம்தான் பாப்பாவைத் தராசுல ஏத்தினார். 18 கிலோ!

நாலு கேப்ஸ்யூல் அதே நாலுதான். ஆனா கிலோவுக்கு 19 இப்ப 16 ஆயிடுச்சு. யாருமே குறைக்காம மருந்து குறைஞ்சிருக்கு. பாப்பா நல்லா வளர்ந்ததே அதுக்குக் காரணம்.

அஞ்சாக்கினார். கிலோவுக்கு 20. நியூட்ரோஃபில் 4,300. இன்னும் மேலதான் இருக்குன்னு ஆறு. கிலோவுக்கு 24. இப்ப 2,880, ஹீமோகுளோபின் 7.4-லருந்து 9.1. "எடை சொல்றது எங்க ஆரம்பிக்கணும்னு மட்டும்தான் தம்பி. எங்க நிறுத்தணும்னு அவ ரத்தம்தான் சொல்லணும்"னார். ஒரே எடையுள்ள ரெண்டு குழந்தையோட உடம்பு மருந்தை ஒரே வேகத்துல வெளியேத்தாது. உகாண்டாவுல கம்பாலா ஆய்வு 2020-ல இதையே காட்டுச்சு. ஒரு பாதிக் குழந்தைங்களுக்கு கிலோவுக்கு சுமார் 20-லயே நிறுத்தி, மறுபாதிக்கு ரத்தம் தாங்குற வரை ஏத்தினாங்க. ஏத்தினவங்க சராசரி 30-ஐ நெருங்கிச்சு. வலியும் ரத்தம் ஏத்துற தேவையும் அவங்களுக்குத்தான் குறைஞ்சது.

ஏத்துறதுல ஆபத்து இல்லாம இல்லை. அப்புறம் ஒரு ராத்திரி காய்ச்சல். இந்த நோய்ல காய்ச்சல்னா காலைல பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது, மண்ணீரல் சரியா வேலை செய்யாததால கிருமி சட்டுனு ரத்தத்துல பரவிடும். உடனே ஓடினோம். மொத்தம் 3,000, அதுல 35 சதவீதம். நானே ஃபோன்ல பெருக்கினேன். 1,050. மருந்து நிறுத்தம், வாராவாரம் ரத்தப் பரிசோதனை. தட்டணுக்கள் 80,000-க்குக் கீழ இறங்கினாலும் இதே நடவடிக்கைதானாம், ஆனா அது இறங்கலை. ரெண்டாவது வாரம் 2,600-க்கு வந்ததும் திரும்ப ஆரம்பிச்சார். ஆறு இல்லை, அஞ்சு. விழுந்த படிக்கு ஒரு படி கீழ.

2024 கடைசியில இந்தியாவுலயும் இந்த மருந்து திரவமா வந்துடுச்சு. இந்த முழு கேப்ஸ்யூல் கணக்கு சின்னக் குழந்தைங்களுக்கு இனி வேண்டாம். தராசும் லேப் சீட்டும் மட்டும் எப்பவும் வேணும்.

இப்ப என் ஷீட்டுல D-ன்னு ஒரு காலம் சேத்திருக்கேன், எடைக்கு. மாசம் ஒருமுறை நான் ஊருக்குப் போனதும் பாப்பாவே தராசுல ஏறி நின்னுக்கிட்டு, "மாமா, நான் எத்தனை?"ன்னு கேப்பா. போன வாரம் அரை கிலோ கூட. பெரம்பலூர் பஸ்ஸுக்கு ஒரு ஃபோன் போட்டு ஞாபகப்படுத்தணும்.

டிஸ்கி: நான் பொட்டி தட்டுறவன், டாக்டர் இல்லை. இதுல இருக்கிற எண்கள் இந்த ஒரு பாப்பாவுக்கு, அவ டாக்டர் போட்டவை. உங்க வீட்டுக் குழந்தைக்கு அப்படியே போட்டுடாதீங்க.