கைச்சுற்று 14

போன தீபாவளிக்கு இணையத்தில் ஒரு காட்டன் குர்தி வாங்கினேன். எக்ஸ்எல். போட்டுப் பார்க்கும்போது கை பாதி வரை போய், முழங்கைக்கு மேலே சிக்கிக்கொண்டது. கழற்றவும் வரவில்லை. அக்கா வந்து தலைவழியாக உருவி எடுத்தாள். எடுத்துவிட்டு, "உடம்பைக் கொஞ்சம் குறைடி" என்றாள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. துணி பத்தவில்லை என்றால் தப்பு உடம்பில்தான் என்று நினைத்தே வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும்.

வாங்குவதற்கு முன் மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்துத்தான் வாங்கினேன். "சூப்பர்" என்று ஒருத்தி. "சைஸ் சின்னது" என்று இன்னொருத்தி. "பெர்ஃபெக்ட் ஃபிட்" என்று மூன்றாமவள். யாருக்குச் சின்னது, யாருக்குப் பெர்ஃபெக்ட் என்று எழுதியிருந்தால் நான் அந்தத் துணியைத் தொட்டிருக்கமாட்டேன். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நம்மில் எத்தனை பேருக்கு நம் அளவு எண்ணாகத் தெரியும்? டெய்லரிடம் போனால் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். "போன தடவைக்கு இப்போ அரை இன்ச் விடுங்கண்ணா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். நாற்பது வயது வரை என் மார்புச் சுற்றளவை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அன்றைக்கு ராத்திரி தையல் பெட்டியில் இருந்த இன்ச் டேப்பை எடுத்தேன். முதலில் என்னை அளந்தேன். வழக்கமாகப் போடும் பிராவோடு, மார்பின் எடுப்பான இடத்தில், டேப் முதுகில் கீழே இறங்காமல் 41. மேல்கையின் பருத்த இடத்தில் 14. தோள் முனையிலிருந்து தோள் முனை வரை பதினாலரை. பிறகு குர்தியைத் தரையில் விரித்து, சுருக்கமில்லாமல் நீவிவிட்டு அளந்தேன். ஓர் அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை 21, இரட்டித்தால் 42. கையை மடிப்போடு குறுக்கே அளந்தால் ஆறே முக்கால், சுற்று பதிமூன்றரை.

விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. 14 இன்ச் கை பதிமூன்றரை இன்ச் துணிக்குள் எப்படிப் போகும்? கடையின் அளவுப் பட்டியலில் எக்ஸ்எல்லுக்கு 42 என்று போட்டிருந்தது. அது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று போடவில்லை. 41 உடம்புக்கு 42 சரியாக இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். அளந்த பிறகுதான் அது துணியின் அளவு என்று தெரிந்தது. இழுபடாத காட்டன் துணியில் உடம்பைவிட 3 இன்ச்சாவது கூடுதலாக இருந்தால்தான் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்க முடியும். அப்படியானால் அந்த எக்ஸ்எல் 39 மார்புக்குத் தைத்தது. கைச்சுற்றோ பட்டியலிலேயே இல்லை.

டேக்கை அறுக்காமல் திருப்பி அனுப்பி, டபுள் எக்ஸ்எல் வாங்கினேன். அதையும் அளந்தேன். மார்பு 44, இரண்டு இன்ச் கூடியிருந்தது. கைச்சுற்று 14, அரை இன்ச்தான் கூடியிருந்தது. தோள் 16, எனக்கு ஒன்றரை இன்ச் அதிகம். பெரிய சைஸ் எடு என்று சொல்வது ஏன் எப்போதும் உதவுவதில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். கைக்காக ஏறினால் தோள் தொங்குகிறது.

உள்ளே திருப்பிப் பார்த்தேன். தையலுக்கு வெளியே இரு பக்கமும் முக்கால் இன்ச் துணி விட்டிருந்தார்கள். ஒரு முறை அலசிக் காயப்போட்டேன். 46 இன்ச் உயரம் 45 ஆனது. சுருங்க வேண்டியது சுருங்கிய பிறகு கைத்தையலைப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் அரை இன்ச் விட்டுத் தைத்தேன். அக்குளோடு நிறுத்தினால் அங்கே சுருக்கம் விழும் என்பதால், பக்கத் தையலிலும் 3 இன்ச் வரை சாய்வாக இறக்கினேன். கைச்சுற்று 15 ஆனது. இப்போது முழங்கையை மடக்க முடிகிறது. தோள் மட்டும் தொங்கத்தான் செய்கிறது.

இதை எழுதிப் போட உட்கார்ந்தபோது "41" என்று அடித்துவிட்டு அழித்தேன். மறுபடி அடித்து மறுபடி அழித்தேன். ஊர் பேர் தெரியாதவர்கள் படிப்பார்கள். பெண்ணின் உடம்பின் எண்ணை வேறெதற்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் அந்த எண் இல்லாவிட்டால் நான் எழுதுவதும் "சைஸ் சின்னது"தான். கடைசியில் கணக்கில் என் பெயரை எடுத்துவிட்டு ஓர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, என் அளவு, துணியின் அளவு, அலசிய பிறகு அளவு, எங்கே பிடிக்கிறது, எங்கே தொங்குகிறது, எவ்வளவு பிரிக்கலாம் என்று வரிசையாக எழுதினேன். தைத்து மாற்றியதைத் தனியாகச் சொன்னேன். இல்லாவிட்டால் என் படத்தைப் பார்த்து அப்படியே வருமென்று நம்பிவிடுவார்கள்.

படத்துக்கும் யோசித்தேன். கண்ணாடி முன் போனைத் தூக்கிப் பிடித்தால் ஒரு தோள் ஏறிவிடும். துணி உட்காரும் விதம் தெரியாது. போனை இடுப்பு உயரத்தில் ஸ்டூல்மேல் சாய்த்துவைத்து, டைமர் போட்டு, கை தொங்கவிட்டு ஒன்று, கையைத் தூக்கி ஒன்று எடுத்தேன். கழுத்துக்கு மேலே வெட்டினேன். பின்னால் மாட்டியிருந்த கடைக் காலண்டரில் எங்கள் தெருப் பெயர் இருந்தது. அதையும் கழற்றிவிட்டு மறுபடி எடுத்தேன். மூன்றாவது படம் எனக்குப் பிடித்தது: திருப்பி அனுப்பும் முன்பு எடுத்தது. தரையில் விரித்த எக்ஸ்எல், அதன் கைமேல் குறுக்கே டேப், ஆறே முக்காலில் என் விரல். உடம்பைக் காட்ட விரும்பாதவர்கள் இந்த ஒரு படத்தைப் போட்டாலே போதும்.

அக்காவுக்கு அதை அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள்.

"எனக்கு அந்த டபுள் எக்ஸ்எல் வருமாடி?"

"கைச்சுற்று எவ்வளவு?"

"இரு" என்று போனை வைத்துவிட்டுப் போனாள். டேப் தேடும் சத்தம் கேட்டது. "பதினஞ்சரை."

"பிரிச்சாலும் 15தான் வரும். வாங்காதே."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "என் கல்யாணத்துக்கு அப்புறம் ரெடிமேடே வேண்டாம்னு விட்டுட்டேன் தெரியுமா? எல்லாத்துலயும் கைதான் பிடிக்கும். உடம்புதான் சரியில்லைனு நினைச்சேன். அளந்து பார்த்ததே இல்ல" என்றாள். கைச்சுற்று 17 இருக்கிற குர்தி எங்காவது இருக்கிறதா என்று கேட்டாள். யாராவது அளந்து எழுதியிருக்கிறார்களா என்று இப்போது நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருக்கிறோம்.