ஒற்றைத் தடத்தை நம்பாதீர்கள்

புனே மாவட்டத்தின் கிழக்கே, மழை குறைந்த புல்வெளிகளில் ஊனுண்ணிகளைப் பற்றிக் கள ஆய்வு செய்யத் தொடங்கி அப்போது இரண்டாம் ஆண்டு. காலடித்தடங்களையும் எச்சங்களையும் படிக்கத் தெரிந்துவிட்டது என்ற துணிவு எனக்கு வந்திருந்த காலம் அது. அந்தத் துணிவு ஒரு நாயின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்த கதையை இங்கே எழுதுகிறேன். இயற்கை நடை செல்லும் நண்பர்கள் பலர் தடங்களின் படங்களை எடுத்து, “இது என்ன விலங்கு?” என்று எனக்கு அனுப்புகிறார்கள். அவர்கள் அனைவருக்குமான என் விடையும் இந்தக் கதைதான்.

பனிக்காலத்து விடியல் ஒன்றில், தங்கர் மேய்ப்பர்களின் கிடையிலிருந்து ஆள் வந்து அழைத்தார். இரவில் ஓர் ஆட்டுக்குட்டி காணாமற்போயிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வனக்காவலர் ஒருவரும் வந்திருந்தார். காட்டுவிலங்கு கொண்டுபோயிருந்தால் மேய்ப்பருக்கு இழப்பீடு உண்டு. நாய் கொண்டுபோயிருந்தால் இல்லை. கிடைக்கு உரியவரான முதியவரை எல்லோரும் ஆஜோபா என்று அழைத்தார்கள். மராத்தியில் தாத்தா என்று பொருள். அவர் அழவில்லை, எதையும் கேட்கவுமில்லை. அருகிலிருந்த குட்டையின் கரையைக் கை காட்டினார். ஈரச் சேற்றில் ஐந்து தடங்கள் தெளிவாகப் பதிந்திருந்தன.

முதலில் பார்க்க வேண்டியது பூனை இனமா, நாய் இனமா என்பதைத்தான். இரண்டிலும் நான்கு விரல்களே பதியும். பூனை இனத்தின் தடம் வட்டமாக இருக்கும்; நகங்கள் பதியா, ஏனெனில் நடக்கும்போது அவை உள்ளே இழுக்கப்பட்டிருக்கும். விரல்கள் சீராக அமையாமல், ஒரு விரல் மற்றவற்றைவிடச் சற்று முன்னே நிற்கும். பின்னுள்ள பெரிய திண்டின் கீழ்விளிம்பில் மூன்று புடைப்புகள் தெரியும். நாய் இனத்தின் தடம் நீள்வட்டமானது, நகமுனைகள் பதியும், திண்டு முக்கோணம் போன்றது. நடுவிரல்கள் இரண்டும் ஒரே வரிசையில் நிற்பதால், விரல்களுக்கும் திண்டுக்கும் இடையிலுள்ள மேட்டின் மீது பெருக்கல் குறி ஒன்றை எளிதாக வரைந்துவிடலாம். நகத்தை மட்டும் நம்புவது தவறு. சேற்றில் வழுக்கும் சிறுத்தை நகத்தை நீட்டும். இறுகிய தரையில் நாயின் நகம் பதியாமலே போகும். எனவே திண்டின் வடிவத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். குட்டைக் கரையில் இருந்த தடங்களில் நகம், முக்கோணத் திண்டு, சீரான விரல்கள் ஆகிய மூன்றும் ஒத்துப்போயின. சிறுத்தை அன்று என்பது உறுதியாயிற்று.

அடுத்தது கழுதைப்புலி. அதற்கும் நகங்கள் பதியும், நான்கு விரல்கள் உண்டு. ஆனால் அதன் முன்கால் தடம் பின்கால் தடத்தைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரியது; விரல்கள் நெருங்கி ஒட்டியிருக்கும். இங்கே முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே கழுதைப்புலியும் அன்று. குள்ளநரியின் தடம் இதைவிட மிகச் சிறியது. எஞ்சியவை ஓநாயும் நாயும்.

இங்கேதான் நான் தவறினேன். விரல்கள் அகன்று விரிந்திருந்ததைக் கண்டேன். ஓநாயின் விரல்கள் சேர்ந்திருக்கும், நாயின் விரல்கள் விரிந்திருக்கும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. கிடையில் பெரிய நாய்கள் நான்கு இருந்தன. “நாய்தான்,” என்று உரக்கச் சொன்னேன். காவலர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆஜோபா என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “அப்படியென்றால் என் நாய்களில் ஒன்று கள்ளனாகிவிட்டது. குட்டி தின்னப் பழகிய நாயைக் கிடையில் வைத்திருக்க முடியாது, மகளே. எந்த நாய் என்று சொல்லிவிட்டுப் போ,” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னை நிலைகுலைய வைத்தது.

சேற்றின் இயல்பை நான் மறந்திருந்தேன். ஈரச் சேற்றில் எந்த விலங்கின் பாதமும் விரியும். தடம் உண்மை அளவைவிடப் பெரிதாகத் தெரியும். அளவை நம்பத்தக்கது ஈரம் இல்லாத இடத்தில், இறுகிய தரையின் மேல் மெல்லிய புழுதி படிந்த பாதையில் விழும் தடமே. அதைவிட முக்கியமானது மற்றொன்று. ஓநாயின் ஒற்றைத் தடத்தையும் பெரிய நாயின் ஒற்றைத் தடத்தையும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல எவராலும் இயலாது. பிரித்தறியத் தடங்களின் வரிசை வேண்டும்.

“வா, நடந்து பார்ப்போம்,” என்று ஆஜோபாதான் முன்னே போனார். குட்டையிலிருந்து வண்டிப்பாதைக்கு ஏறியதும் புழுதியில் தடங்கள் தொடர்ந்தன. வலப்பக்கமாகக் கிடை நாய் ஒன்றின் தடங்களும் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எளிதில் கிடைப்பதன்று. நாயின் தடங்கள் இங்கும் அங்குமாக அலைந்தன. புதருக்குப் புதர் நின்று முகர்ந்து திரும்பின. பின்கால் முன்காலின் பக்கத்தில் விழுந்திருந்தது. மற்றதோ நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றது. பின்கால் முன்காலின் தடத்தின் மீதே விழுந்ததால் நான்கு கால் விலங்கு இரண்டு காலால் நடந்ததுபோல் தோன்றியது. இருநூறு அடி தொலைவுக்கு அது ஒருமுறையும் விலகவில்லை. வயிறு நிறைந்து சோம்பித் திரியும் விலங்கின் நடை அன்று அது. நெடுந்தூரம் போக வேண்டியிருப்பதால் ஆற்றலை வீணாக்காத விலங்கின் நடை.

எந்த இரவில் விழுந்த தடம் என்பதையும் ஆஜோபாவே காட்டினார். முந்திய மாலை ஒரு மாட்டுவண்டி அவ்வழியே போயிருந்தது. தடம் வண்டிச் சக்கரத்தின் கோட்டுக்கு மேலே விழுந்திருந்தது. அன்று காலை மேய்ச்சலுக்குப் போன ஆடுகளின் குளம்புகளோ தடத்தை மிதித்துச் சிதைத்திருந்தன. வண்டி போன பிறகும் ஆடுகள் போகும் முன்பும் என்று காலம் குறுகிவிட்டது. தடத்தின் வயதை அறிய இதைவிட நல்ல வழியை நான் அறியேன். இத்தகைய சான்று இல்லாதபோது, தடத்தின் அருகில் உங்கள் காலணியைப் பதித்து, சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து விளிம்பு எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று ஒப்பிடுங்கள். அந்த மண்ணும் அந்த வெயிலும் எவ்வளவு விரைவில் தடத்தை அழிக்கின்றன என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு கல்லின் அருகே எச்சம் கிடந்தது. உள்ளே முறுக்கிய மயிர், எலும்புச் சில்லுகள், ஒரு முனை கூர்ந்திருந்தது. கிடை நாயின் எச்சத்தில் ரொட்டித் தவிடும் தானியமும் இருக்கும். சில நேரம் நெகிழித் துண்டும் இருக்கும். இதில் அவை இல்லை. குச்சியால் கிளறியபோது ஆட்டு மயிர் வந்தது. வெறுங்கையால் எச்சத்தைத் தொடவோ முகர்ந்து பார்க்கவோ கூடாது. புழுக்களின் முட்டைகள் அதில் இருக்கும். காவலர் மகிழ்ந்து, “இதுவே போதுமே,” என்றார். போதாது. மேற்பரப்பு உலர்ந்து வெளுத்திருந்தது. அது அந்த இரவினுடையதன்று. புதிதாகவே இருந்தாலும், தின்றது உடனே எச்சத்தில் வந்துவிடுவதில்லை. மேலும் எச்சம் ஒரு விலங்கு எதைத் தின்றது என்பதை மட்டுமே சொல்லும். எதைக் கொன்றது என்பதைச் சொல்லாது. செத்த ஆட்டைத் தின்றாலும் அதே மயிர்தான் வரும். அந்த எச்சத்திலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது, ஓநாயாக இருக்கக்கூடிய ஒன்று இப்பாதையை வழக்கமாகப் பயன்படுத்துகிறது என்பது மட்டுமே. பாதை பிரியும் இடங்களில் எச்சமிட்டு எல்லை காட்டுவது அவற்றின் வழக்கம்.

சான்று அதற்குச் சற்று அப்பால் இருந்தது. தடவரிசையின் இடப்பக்கமாகப் புழுதியில் மெல்லிய தேய்ப்பு ஒன்று, விட்டுவிட்டுத் தொடர்ந்தது. வாயில் தூக்கிய குட்டியின் கால் தரையைத் தொட்டுத் தொட்டுப் போன தேய்ப்பு. இருபது அடி தள்ளி ஒரு முட்புதரில் வெள்ளை மயிர்க்கற்றை சிக்கியிருந்தது. ஆஜோபா அதை எடுத்து விரலால் உருட்டிப் பார்த்தார். “இவள்தான்,” என்றார்.

காவலரிடம் நான் சொன்னதை அடித்துவிடுமாறு கேட்டேன். எழுதியதை மாற்றுவது அவருக்கு எளிதாக இல்லை. படங்களை எடுத்தோம்: ஒவ்வொரு தடத்தின் பக்கத்திலும் அளவுகோல் வைத்து, நேர் மேலிருந்து, பிறகு வரிசை முழுவதும் தெரியுமாறு சாய்ந்த காலை வெயிலில். சாய்ந்த ஒளியில்தான் தடத்தின் விளிம்பு நிழல் பெற்று எழுந்து தெரியும். உச்சி வெயிலில் அதே தடம் கண்ணுக்கே தெரியாது. அவர் புதிய தாளில் எழுதினார். “ஓநாய்” என்று எழுத வேண்டாம், “ஓநாயாக இருக்கலாம், கிடை நாய்களின் தடவரிசையோடு ஒத்துப்போகவில்லை” என்று எழுதுங்கள் என்றேன். மரபணு ஆய்வு இல்லாமல் அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

தடத்தைப் பார்த்து அளவுக்கு மீறிச் சொல்லிவிடும் ஆசை எனக்கு மட்டும் உரியதன்று. 1966இல் சரோஜ் ராஜ் சௌத்ரி, புலியின் தடத்தை வரைந்து ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணும் முறையை உருவாக்கினார். நாடு பல பத்தாண்டுகள் அதைக் கொண்டே புலிகளை எண்ணியது. ஒரே புலியின் தடம் மண்ணுக்கு மண் மாறும், வரைபவரின் கைக்குக் கை மாறும். சரிஸ்காவில் புலிகளே இல்லை என்பது 2005இல் வெளிப்பட்ட பிறகு, தானியங்கி கேமராக்கள் அந்த இடத்தைப் பிடித்தன. தடம் ஒரு விலங்கு இருந்ததைச் சொல்லும். அதற்குப் பெயரும் எண்ணும் கொடுப்பது வேறு வேலை.

அந்த இழப்பீடு சில மாதங்களுக்குப் பின் வந்தது, குட்டியின் சந்தை விலையைவிடக் குறைவாக. அடுத்த மழைக்காலத்தில் கிடையைக் கண்டபோது நான்கு நாய்களும் இருந்தன. அவற்றில் பெரியது என்னைக் கண்டு குரைத்தது. ஆஜோபா சிரித்துக்கொண்டே, “உன்னை மறக்கவில்லை பார்,” என்றார்.

நீங்கள் எனக்குத் தடத்தின் படம் அனுப்பும்போது ஒன்று அனுப்பாதீர்கள், பத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். அதற்குப் பிறகும் நான் “இருக்கலாம்” என்றே விடை சொன்னால், பொறுத்துக்கொள்ளுங்கள்.