சரக்கு ரயில் போன பிறகு

மதுராந்தகத்துக்குத் தெற்கே, சென்னை–விழுப்புரம் ரயில் பாதையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி ஓர் ஓட்டு வீடு. நள்ளிரவு தாண்டியும் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. இந்தப் படத்துக்கு டப்பிங் கிடையாது. நடிகர்கள் அங்கே பேசுவதுதான் தியேட்டரில் கேட்கும். ஒலிப்பதிவாளர் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வந்ததுமே ஜெனரேட்டர் வண்டியைத் தோப்புக்கு அந்தப் பக்கம் நிறுத்தச் சொன்னார். பிறகு வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டு ஃப்ரிட்ஜை அணைத்தார். தன் கார் சாவியை அதற்குள்ளேயே வைத்தார். "திரும்பப் போட மறந்துட்டா அவங்க பால் கெட்டுடும் சார். சாவி உள்ளே இருந்தா மறக்க மாட்டேன்."

திண்ணையில் அப்பாவும் மகளும் பேசும் காட்சி. மகள் முகத்தை எடுத்தாயிற்று. அப்பா முகம் பாக்கி. அவர் வாயெடுக்கும்போது 2:10-க்கு தூரத்தில் ஹாரன். ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினார்.

சரக்கு ரயிலுக்குப் பயணிகள் ரயில்போல அட்டவணை பார்த்து வைக்க முடியாது. 58 வேகன் கோத்த வண்டி ஏறக்குறைய 700 மீட்டர் நீளம். 40 கிலோமீட்டர் வேகத்தில் நம்மைத் தாண்ட ஒரு நிமிஷம். தாண்டிய பிறகுதான் உண்மையான காத்திருப்பு. ராத்திரியில் தரை குளிர்ந்து, மேலே காற்று வெதுவெதுப்பாக இருக்கும். மேலே போகிற ஓசை வளைந்து மறுபடி தரைக்கே வரும். பகலில் கேட்காத தூரமெல்லாம் கேட்கும்.

"போயிடுச்சு சார்" என்றார் உதவி இயக்குநர். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஒலிப்பதிவாளர் தன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார். தவளைச் சத்தத்துக்கு அடியில், அடிவயிற்றில் தட்டுவதுபோல ஓர் உறுமல். சக்கரத்தின் கிரீச்சொலி முதலில் அடங்கிவிடும், அடித்தொண்டை ஓசை கடைசியாகத்தான் போகும் என்றார்.

அதை ஃபில்டர் போட்டு வெட்டினால் என்ன என்று கேட்டேன். அப்பாவாக நடித்தவருக்குக் கனத்த குரல். உறுமலும் அந்தக் கனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒன்றை வெட்டினால் மற்றதும் மெலியும். அப்படியே விட்டாலோ, மகளின் ஷாட்டில் ரயில் இல்லை. எடிட்டர் முகம் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரயில் வந்து வந்து போகும்.

யாரும் பேசவில்லை. பூம் பிடித்த பையன் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டான். பதிவுக் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் முழுவதையும் அவர் தனியாகப் பதிவு செய்துகொண்டிருந்தார். வேண்டுமென்றால் மிக்ஸிங்கில் இரண்டு முகங்களுக்கும் அடியில் ஒரே சீராக வைக்கலாமாம்.

2:17-க்குக் கையை இறக்கினார். அடுத்த டேக் ஓகே.

எல்லோரும் எழுந்தபோது, "ஒரு நிமிஷம், யாரும் அசையாதீங்க" என்றார். அந்தத் திண்ணையின் வெறும் நிசப்தத்தையும் ஒரு நிமிஷம் பதிவு செய்தார்; வசனங்களுக்கு நடுவில் வெட்டிய இடங்களை அடைக்க அது வேண்டும். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து சாவியை எடுத்தார், சுவிட்சைப் போட்டார்.