வேலையை விடுவதற்கு முன் நான் போட்ட கணக்கு

ஒரு மார்ச் மாதம், ஞாயிறு இரவு. மறுநாள் வேலைக்குப் போக வேண்டும் என்று நினைத்தாலே நித்திரை வராத கட்டத்தில் இருந்தேன். ஸ்காபரோவில் இருந்து மிசிசாகாவுக்குக் காரில் போய், ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நாள் முழுக்க பில்களைச் சரிபார்ப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் மேலாளரின் மெசேஜ் வரும். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன்: "நாளைக்கு வேலையை விடப்போறன்."

"உனக்கென்ன விசரே? வேறை வேலை கிடைச்சிட்டுதா?" என்றார் அம்மா.

கிடைக்கவில்லை. ஆனால் என்னிடம் 14,200 டாலர் இருந்தது. மாதச் செலவு 1,800 என்று மனதுக்குள் ஒரு கணக்கு. எட்டு மாதம் தாங்கும், போதாதா?

அப்பா கோபப்படவில்லை. "விடுறதெண்டா விடு. ஆனா மோர்ட்கேஜ் ஜூலையிலை புதுப்பிக்க வேணும். அதிலை உன்ரை பேரும் கிடக்கு," என்றார். வட்டி குறைவான வேறு வங்கிக்கு மாற வேண்டுமென்றால், அந்த வங்கி எங்கள் எல்லோருடைய வருமானத்தையும் பார்க்கும். எனக்குச் சம்பளம் இல்லையென்றால் மாறுவது கஷ்டம். என் வேலையில் அவர்களின் வீடும் தொங்கிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றிரவே மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினேன். உண்மையான செலவு மாதம் 2,250. வீட்டுக்குக் கொடுக்கும் காசும் கார் இன்சூரன்ஸும்தான் பெரிய பங்கு. வேலை போனால் கம்பெனியின் மருந்துக் காப்புறுதியும் போகும் என்பதால், என் ஆஸ்துமா பம்பின் விலையையும் சேர்த்துத்தான் அந்தத் தொகை.

சேமிப்பும் நான் நினைத்த அளவு இல்லை. 14,200-இல் 4,000 ஆர்ஆர்எஸ்பியில் இருந்தது. அது ஓய்வுக்காலக் காசு. இப்போது எடுத்தால் அந்த இடத்திலேயே வரி பிடிப்பார்கள். கிரெடிட் கார்டில் 1,200 கடன். மிஞ்சியது 9,000. அதை 2,250-ஆல் வகுத்தால் நான்கே மாதம்.

"ஈஐ வருமே" என்று நினைத்தேன். அதுவும் இல்லை. கனடாவில் தகுந்த காரணம் இல்லாமல் நாமாகவே வேலையை விட்டால், சாதாரண ஈஐ கிடைக்காது. மேலாளரைப் பிடிக்கவில்லை என்பது தகுந்த காரணம் ஆகாது.

நான்கு மாதம் போதுமா? அதைச் சொல்ல வேண்டியது வேலைச் சந்தை. இணையத்தில் எத்தனை விளம்பரம் இருக்கிறது என்று எண்ணினால் ஒன்றும் தெரியாது. நம்மை எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதனால் வேலையில் இருந்துகொண்டே ஆறு கிழமையில் 20 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். நான்கு இடத்தில் இருந்து போன் வந்தது. இரண்டில் நேர்காணல். ஒன்றில் கடைசிச் சுற்று வரை போய்த் தோற்றேன்.

ஒருவருமே கூப்பிடாமல் இருந்திருந்தால் பிழை என் ரெஸ்யூமேயில் என்று அர்த்தம். வேலையை விட்டாலும் அது திருந்தியிருக்காது. கூப்பிட்டார்கள், ஆனால் மெதுவாக. போன் வர இரண்டு மூன்று கிழமை, நேர்காணல்கள் முடிய இன்னும் நான்கு, வேலை தொடங்கி முதல் சம்பளம் வர இன்னும் நான்கு. எல்லாம் முதல் முயற்சியிலேயே சரிவந்தாலும் பத்துப் பதினொரு கிழமை. என் காசு தாங்குவது 17 கிழமை. ஒரு வாய்ப்பு கடைசியில் கைநழுவினால், அடுத்தது முடிவதற்குள் காசு முடிந்துவிடும்.

ஆறு மாதச் செலவு, அதாவது 13,500 கையில் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். குறைவது 4,500. மாதம் 900 சேர்த்தால் ஐந்து மாதம். ஆகஸ்ட் கடைசி. அதற்குள் மோர்ட்கேஜும் முடிந்திருக்கும். கலண்டரில் நாளைக் குறித்துவிட்டு அம்மாவுக்குக் காட்டினேன். முடிவு நாள் தெரிந்த பிறகு ஞாயிறு இரவுகள் கொஞ்சம் லேசாகின.

ஆகஸ்ட் வரை வேறு வேலை கிடைக்கவில்லை. சொன்னபடி விட்டேன்.

விட்ட ஏழாவது கிழமை ஒரு வேலை வந்தது. சம்பளம் பழையதை விடக் குறைவு, இரவு மெசேஜ்களும் உண்டு என்று நேர்காணலிலேயே தெரிந்தது. வேண்டாம் என்று சொன்னேன். 15-வது கிழமையில்தான் வேறொரு இடத்தில் முதல் சம்பளம் வந்தது.

நீங்கள் கேட்கலாம்: 15 கிழமைதானே, மார்ச்சில் விட்டிருந்தாலும் 9,000 போதுமாக இருந்திருக்குமே? காசு போதியிருக்கும். ஆனால் ஐந்தில் இரண்டு பங்கு காசு கரைந்த ஏழாவது கிழமையில், வந்த அந்த வேலையை நான் பயத்தில் எடுத்திருப்பேன். ஐந்து மாதம் பல்லைக் கடித்துச் சேர்த்த 4,500 டாலர், அன்றைக்கு எனக்கு "வேண்டாம்" என்று சொல்லும் தைரியத்தைத் தந்தது.