புது வெள்ளம் திரும்பி வந்த கதை

கடன் கொடுத்த பணத்தைக் கேட்பதற்குக்கூட நமக்கு ஒரு பாஷை இருக்கிறது. "கொஞ்சம் கைமுடையா இருக்கு" என்றால் எதிராளிக்குப் புரிந்துவிடும். புத்தகத்தைத் திருப்பிக் கேட்க அப்படி ஒரு பாஷை இல்லை. ஏழு மாதம் தேடிப் பார்த்துவிட்டேன்.

2022 செப்டம்பர். பொன்னியின் செல்வன் படம் முப்பதாம் தேதி வரப்போகிறது என்று ஊரெல்லாம் அதே பேச்சு. ஆவடியில் என்னோடு இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்த நண்பர், செவ்வாய்க்கிழமை தோறும் வேலப்பன்சாவடிக்கு என் வீட்டுக்கு வருவார். திருவேற்காடு கருமாரியைச் சேவித்துவிட்டு, ஷேர் ஆட்டோவில் ஜங்ஷனில் இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அன்று அலமாரியைப் பார்த்து, "சார், பேத்தி கதையைப் படிக்கணும்கறா. முதல் பாகத்தை மட்டும் குடுங்களேன்" என்றார். கொடுத்துவிட்டேன்.

கொடுத்தது கடையில் கிடைக்கிற புத்தகம் இல்லை. 1950 அக்டோபரில் இருந்து 1954 மே வரை கல்கி பத்திரிகையில் தொடராக வந்ததை, என் அம்மா வாராவாரம் கத்தரித்துச் சேர்த்தது. அப்போது அம்மா பூந்தமல்லியில் புது மருமகள். ஐந்து பாகத்தையும் ஐந்து வால்யூமாக, மணியம் படங்களோடு பைண்டு செய்து வைத்தாள். அந்த நாளில் வீட்டுக்கு வீடு இது உண்டு, உங்களில் பலர் வீட்டிலும் இருந்திருக்கும். முதல் பாகத்தின் ஓரங்களில் அம்மா பென்சிலால் பால் கணக்கு எழுதியிருப்பாள், அணாவில். ஐந்தாவது வரை படித்தவள். அவள் கையெழுத்தென்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

டிசம்பரில் மாண்டஸ் புயல் கரை கடந்த ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. நண்பர் வீடு தரைத்தளம். அவர் வீட்டில் தண்ணீர் வந்ததா என்று காலையில் போன் செய்து விசாரித்தேன். உண்மையில் புத்தகத்தைத்தான் விசாரித்தேன். "ஒண்ணும் இல்ல சார், வாசப்படியோட நின்னுடுச்சு" என்றார். புத்தகம் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை.

பொங்கலுக்குப் பிறகு ஜாடையாக ஆரம்பித்தேன். "பேத்தி கதையை முடிச்சுட்டாளா?" என்றேன். "படமே ரெண்டு தடவை பாத்துட்டா சார்" என்று சினிமாவுக்குப் போய்விட்டார். ஜாடையில் இதுதான் கஷ்டம். கேட்டவன் கேட்டுவிட்டதாக நினைத்துக்கொள்வான், எதிராளி காதில் அது விழுந்தே இருக்காது. அடுத்து வாட்ஸ்அப்பில் நாசூக்காக ஒரு வரி அனுப்பினேன். மறுநாள் காலையில் ரோஜாப்பூ படத்தோடு வணக்கம் வந்தது.

மார்ச்சில் ஒரு கல்யாணத்தில் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். பழைய சகாக்கள் நாலு பேர் இருந்தார்கள். அந்தத் தைரியத்தில், "என் பொன்னியின் செல்வன் எப்ப சார் வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் சுருங்கியது. "அதை அப்பவே குடுத்துட்டேனே" என்றார். சபையில் வாய்விட்டுச் சொன்னதை ஒரு மனிதர் எப்படித் திரும்ப வாங்குவார்? புத்தகம் கிடைக்கிற வழியை நானே அடைத்துவிட்டேன்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் அவர் வரவில்லை. எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. என் மனைவிதான், "தொலைச்சிருந்தா தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லியிருப்பார். ஏதோ ஆகியிருக்கு, அதான் ஒளியறார்" என்றாள். யோசித்துப் பார்த்தேன், சரியாகப் பட்டது. அவர் அலட்சியக்காரர் இல்லை. இரவல் வாங்கிய குடையை மறுநாளே காயவைத்துக் கொண்டுவந்து தருகிறவர். அப்படிப்பட்டவர் வீட்டுப் பக்கமே வராமல் இருக்கிறார் என்றால், அது மறதி இல்லை, வெட்கம்.

ஏப்ரலில் முதல் பாகத்தின் புதுப் பதிப்பு ஒன்று வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். காலை பதினொரு மணி, மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து. அவர் மனைவி, "வாங்கண்ணே" என்று மோர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கல்யாணப் பேச்சை நான் எடுக்கவில்லை. புதுப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, "இது பேத்திக்கு. அவளே வெச்சுக்கட்டும். அந்தப் பழசுல எங்கம்மா கையெழுத்து இருக்கு சார், அதனாலதான் கேக்கறேன். எந்த நிலைமையில இருந்தாலும் பரவாயில்ல, அப்படியே குடுங்க" என்றேன். அம்மாவின் கையெழுத்தைப் பற்றி அதுவரை அவரிடம் நான் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்து வந்தார். உள்ளே என் புத்தகம், முதுகு இரண்டாகப் பிளந்து.

நடந்தது இதுதான். மணியம் படங்களைச் செல்போனில் எடுக்க, பேத்தி புத்தகத்தை மேஜையில் விரித்து அழுத்தியிருக்கிறாள். தனித்தனி ஏடுகளாகக் கத்தரித்த தொடரைப் பைண்டு செய்கிறவர்கள் ஓரத்தில் துளை போட்டு, மேலிருந்து கீழாகக் குத்தித் தைப்பார்கள். அந்தத் தையல் போட்ட புத்தகம் முழுசாக விரியாது, பாதிதான் திறக்கும். எழுபது வருஷத்துக் காகிதம் வேறு, அப்பளம் மாதிரி. அழுத்தியதும் தையலை ஒட்டி முறிந்து, பத்துப் பதினைந்து ஏடுகள் கையோடு வந்துவிட்டன. பயந்துபோன பிள்ளை செலோ டேப் போட்டு ஒட்டிவிட்டது.

"நல்ல பைண்டரா பாத்து சரிபண்ணிக் குடுத்துடலாம்னு இருந்தேன் சார். ரெண்டு பேர் பாத்துட்டு முடியாதுன்னுட்டாங்க. அப்புறம் எந்த முகத்தோட வர்றது?" என்றார்.

நான் தெரிந்த ஒரு பழைய பைண்டரிடம் எடுத்துப்போனேன். டேப்பைத் தொடவே கூடாது, உரித்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும் என்றார். பிய்ந்த ஏடுகளின் ஓரத்தில் மெல்லிய தாளைப் பட்டையாக ஒட்டி, அந்தப் பட்டையில் துளை போட்டுத் தைத்தார். பசை, மைதா காய்ச்சி மயில்துத்தம் கலந்தது. பூச்சி அண்டாது. புது காலிகோ போட்டு, 'இதை விரிச்சு வைக்காதீங்க' என்று அதட்டிக் கொடுத்தார். டேப் ஒட்டிய இடம் வருஷம் போகப்போகப் பழுப்பாகுமாம். பால் கணக்கில் இரண்டு வரி அதற்கு அடியில் இருக்கிறது. இப்போதைக்குப் படிக்க முடிகிறது.

இப்போது வால்யூம் ஒவ்வொன்றின் உள் அட்டையிலும், நூலகத்தில் இருப்பதுபோல ஒரு தேதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். மனைவி சிரிக்கிறாள். போகட்டும். நூலகத்துப் புத்தகத்தைத் திருப்பிக் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை, சீட்டில் இருக்கிற தேதியே கேட்டுவிடுகிறது.

போன செவ்வாய்க்கிழமை நண்பர் வந்தார். காபி குடித்து முடித்து, அலமாரியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். "சுழற்காற்று நான் படிக்கறேன் சார், பேத்திக்கு இல்ல" என்றார். சீட்டில் தேதியை அவரே எழுதினார், பதினைந்து நாள் என்று.

இன்றோடு ஏழு நாள் ஆகிறது.